ஒரு ஆர்டர், மூன்று லோடு, நான்கு தவணை

கோயம்புத்தூர் பக்கம் சின்னச் சின்ன ஃபேக்டரிகளுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். ஒரு ஆர்டர், ஒரு பில், ஒரு செக் என்று முடிகிற வியாபாரத்தில் கணக்குக்காரனுக்குப் பெரிய வேலை கிடையாது. சரக்கு துண்டு துண்டாகப் போய், பணமும் துண்டு துண்டாக வந்து, இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்போதுதான் எந்த மாதம் எவ்வளவு விற்பனை, எவ்வளவு வரி என்ற கேள்வி வருகிறது. இப்படி ஒரு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கடைசி ரூபாய் வரை எழுதிக் காட்டுகிறேன். ஆளையும் கம்பெனியையும் விட்டுவிடுகிறேன். தொகைகளை மட்டும் கணக்குப் போட வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

சரக்கு, குடோனில் அடுக்குகிற ஸ்டீல் ரேக். வாங்குபவர் திருப்பூரில் துணி மொத்த வியாபாரி, ஜிஎஸ்டி பதிவு உள்ளவர். 200 செட், ஒன்று 5,000 ரூபாய். மொத்தம் 10 லட்சத்தில் பேரம் பேசி 30,000 குறைத்தார்கள். வரிக்கு முந்தைய மதிப்பு 9,70,000, 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,74,600, ஆகமொத்தம் 11,44,600. அவர் குடோனில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் சரக்கை மூன்று லோடாகக் கேட்டார்: 80, 70, 50. பணம் எப்போது எவ்வளவு என்று ஆர்டரில் ஒழுங்காக எழுதவில்லை. "அட்வான்ஸ் மூணு லட்சம், மீதி சரக்கு வர வர" என்பதோடு பேச்சு முடிந்திருந்தது.

2025 பிப்ரவரி 10-ஆம் தேதி 3 லட்சம் வங்கியில் வந்தது. அன்று சாயங்காலம் ரேக் ஃபேக்டரி முதலாளி போன் பண்ணினார்.

"ஏனுங்க, மூணு லட்சம் வந்துருச்சு. அதுக்கு ஒரு பில் போட்டுருலாமுங்களா?"

"சரக்கு இன்னும் போகலைங்களே. வரவு மட்டும் வெச்சுக்கலாமுங்க. பில் லாரி கெளம்பறப்ப போட்டுக்கலாம்."

"வரி கட்டாம விட்டா நோட்டீஸ் வராதுங்களா?"

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த புதிதில் அட்வான்ஸ் வாங்கினாலே வரி என்றுதான் இருந்தது. சரக்கைப் பொறுத்தவரை அது 2017 நவம்பர் 15 அன்று வந்த 66/2017 அறிவிக்கையோடு போய்விட்டது. காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வியாபாரி சரக்குக்கு அட்வான்ஸ் வாங்கினால் அன்றைக்கு வரி கிடையாது. பில் போடும் நாளில், அல்லது பில் போட்டிருக்க வேண்டிய நாளில், வரி வந்து உட்காரும். பில் போட்டிருக்க வேண்டிய நாள் என்பது சரக்கு கிளம்புகிற நேரம். ஆக, லாரி கேட்டைத் தாண்டும் வரை அந்த 3 லட்சம் வருமானமும் இல்லை, வரிக்குரியதும் இல்லை. வாடிக்கையாளருக்கு நாம் திருப்பித் தர வேண்டிய கடன், அவ்வளவுதான்.

சேவைக்கு இந்தச் சலுகை கிடையாது. ரேக்கை மாட்டிக் கொடுப்பதற்கோ, வருடப் பராமரிப்புக்கோ தனி ஒப்பந்தம் போட்டு அதற்கு அட்வான்ஸ் வாங்கினால் வாங்கிய மாதமே வரி உண்டு. வரவுச் சீட்டு கொடுத்து, ஜிஎஸ்டிஆர்-1இல் அட்வான்ஸுக்கென்று உள்ள 11ஏ அட்டவணையில் காட்டி, அப்புறம் பில் போடும்போது 11பி-யில் கழிக்க வேண்டும். நம் ஆர்டரில் மாட்டும் கூலி ரேக் விலைக்குள்ளேயே இருந்தது. முதன்மையான சப்ளை சரக்கு என்பதால் அந்தத் தலைவலி இல்லை. சரக்கும் வேலையும் தனித்தனியாக விலை பேசிய ஆர்டர் என்றால், வரும் அட்வான்ஸ் எதற்கு எவ்வளவு என்று பணம் வரும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பிரித்தால் நமக்குச் சாதகமாகப் பிரித்ததாகத்தான் தெரியும்.

பணத்துக்குப் பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலாளிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். 3 லட்சத்தை வரியோடு சேர்ந்த தொகை என்று எடுத்துக்கொண்டால், சரக்கு மதிப்பு 2,54,237, வரி 45,763. தள்ளுபடி போக ஒரு செட் 4,850. அப்படியானால் இந்தப் பில் எத்தனை ரேக்குக்கு? 52.42. அந்தப் புள்ளி நாற்பத்திரண்டு ரேக்கை எந்த லாரியில் ஏற்றுவது? அதைவிடப் பெரிய சிக்கல், லாரியில் 80 இருக்கும், பில்லில் 52 இருக்கும். வழியில் நிறுத்திப் பார்த்தால் மீதி 28-க்கும் பில் இல்லாத சரக்கு என்று பிடிப்பார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆவது பிரிவில் வண்டியை விடுவிக்க வரியில் இரண்டு மடங்கு அபராதம்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. நிறைய இடங்களில் பார்க்கிறேன்: முதல் லோடு போகும்போதே முழு ஆர்டருக்கும் ஒரே பில்லாகப் போட்டுவிடுவது. வாங்குபவரின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் "ஒரு பிஓ-வுக்கு ஒரு பில்தான் வேணும்" என்று கேட்பதுதான் பெரும்பாலும் காரணம். இந்த வியாபாரியின் ஆபீஸிலிருந்தும் அதே பேச்சு வந்தது.

நம் ஆர்டரில் முதல் லோடு பிப்ரவரி 24. அன்றே 200-க்கும் பில் போட்டிருந்தால் பிப்ரவரி மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-யில், மார்ச் 20-க்குள், 1,74,600 கட்ட வேண்டும். போனது 80 தான். அதற்குரிய வரி 69,840. மிச்சம் 1,04,760 ரூபாயை இன்னும் தகரத்தை வெட்டக்கூட ஆரம்பிக்காத ரேக்குக்காக முன்கூட்டியே கட்டுகிறோம். இதில் ஸ்டாக் கணக்கும் கெடும். கம்ப்யூட்டரில் 200 செட் விற்றாயிற்று, ஷெட்டில் 50 செட் நிற்கும். மார்ச் 31 அன்று எண்ணுகிற ஆள் அதையும் இருப்பில் சேர்த்துவிட்டால் அதே 50 செட் ஒரு பக்கம் விற்பனையாகவும் இன்னொரு பக்கம் இருப்பாகவும் லாபத்தை ஊதும். கடைசி லோடு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனதால், அந்த வருட விற்பனை 2,42,500 ரூபாய் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் வாங்குபவரைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவர் ஆபீஸ் அக்கவுண்டன்ட் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்: ஒரே பில்லில் சரக்கு தவணையாக வந்தால், கடைசி லோடு வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளீட்டு வரி, அதாவது நமக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட், எடுக்க முடியும். 16(2) பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. பிப்ரவரியில் பில் வாங்கி, ஏப்ரல் வரை 1,74,600 ரூபாய் கிரெடிட் எடுக்காமல் காத்திருக்க வேண்டும். லோடுக்கு ஒரு பில் என்றால் அந்தந்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். "அப்படின்னா தனித்தனியாவே குடுத்துருங்க சார்" என்றார். பிஓ எண்ணை மூன்று பில்லிலும் போட்டுத் தரச் சொன்னார். அது நமக்கும் நல்லதுதான்.

ஒரே பில்தான் போட்டாக வேண்டும் என்ற நிலையும் உண்டு. ஒரு பெரிய இயந்திரத்தைக் கழற்றி நான்கு லாரியில் அனுப்புகிறோம், எந்த ஒரு லாரி சரக்குக்கும் தனி விலை கிடையாது. அதற்கு ஜிஎஸ்டி விதி 55(5) இருக்கிறது: முதல் லாரி கிளம்பும் முன் முழுப் பில், அடுத்தடுத்த லாரிகளுக்கு அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்ட டெலிவரி சலான், ஒவ்வொன்றோடும் பில்லின் சான்றிட்ட நகல், மூலப் பில் கடைசி லாரியோடு. எண்ணி அனுப்புகிற ரேக்குக்கு இந்த வழியில் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இனி எழுதுகிற முறைக்கு வருகிறேன். நான் டேலியில் எழுதுகிறேன். வேறு மென்பொருள் என்றாலும் படிகள் இவைதான். முதலில் 200 செட்டுக்கு விற்பனை ஆர்டர், எண் SO-41. இது கணக்கைத் தொடாது. எத்தனை பாக்கி என்று ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும். பணம் வந்த அன்று வரவு வவுச்சரில் வாடிக்கையாளர் பெயரில் 3 லட்சம் வரவு. பில் விவரம் கேட்கும் இடத்தில் `Advance` என்று தேர்ந்தெடுத்து, பெயராக SO-41 அட்வான்ஸ் என்று கொடுத்தேன்.

அந்த இடத்தில் `On Account` என்று ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற இடங்களில் எல்லாம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறேன். அதில் போட்ட பணம் எந்த ஆர்டருக்கும் எந்தப் பில்லுக்கும் சொந்தமில்லாமல் லெட்ஜரில் மிதக்கும். மொத்த பாக்கி சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே ஆளுக்கு இரண்டாவது ஆர்டர் ஓட ஆரம்பித்ததும், எந்தப் பில் கட்டியாயிற்று, எது கட்டவில்லை என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்தது தள்ளுபடி. 30,000 மொத்த ஆர்டருக்கும் பேசியது. அதை எந்தப் பில்லில் கொடுப்பது? முதலாளி கடைசிப் பில்லில் கழிக்கலாம் என்றார், கடைசி வரை வாடிக்கையாளர் மேல் நமக்கு ஒரு பிடி இருக்கும் என்ற எண்ணம். வியாபாரத் தந்திரமாக அது சரிதான். கணக்குக்கு ஒத்துவராது. முதல் இரண்டு பில்லிலும் முழு விலை 5,000-க்கு விற்றதாக ஆகும். வருமானமும் வரியும் இந்த வருடம் கூடும், அடுத்த வருடம் ஏப்ரல் பில்லில் மட்டும் விலை தரைமட்டத்துக்கு விழும். கடைசி லோடே வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால், பேசிய தள்ளுபடியை எதில் கழிப்பது என்று சண்டை. அதனால் 30,000-ஐ 200-ஆல் வகுத்து செட்டுக்கு 150 என்று எல்லாப் பில்லிலும் இறக்கினேன். வகுபடாத தொகையாக இருந்தால் பைசா மிச்சத்தைக் கடைசி லோடில் சரிக்கட்டினால் போதும். ஆர்டருக்கு மொத்தமாகப் பேசிய லாரி வாடகை, பேக்கிங் இருந்தாலும் இதே வழிதான்.

பிப்ரவரி 24, முதல் லோடு. 80 செட், 3,88,000, வரி 69,840, பில் 4,57,840. இதில் அட்வான்ஸ் 3 லட்சத்தை முழுதாகக் கழிப்பதா, 80 செட்டின் பங்கான 1,20,000-ஐ மட்டும் கழிப்பதா? வருமானத்துக்கும் வரிக்கும் இதனால் ஒரு பைசா வித்தியாசமில்லை. வசூலுக்குத்தான் வித்தியாசம். பங்குபோட்டுக் கழித்தால் கடைசி லோடு வரை கொஞ்சம் அட்வான்ஸ் நம் கையில் நிற்கும். முழுதாகக் கழித்தால் வாடிக்கையாளருக்குச் சுலபம். ஆர்டரில் எழுதியிருந்தால் அதன்படி செய்ய வேண்டும். இங்கே எழுதாததால் கேட்டோம், அவர் முழுதாகக் கழிக்கச் சொன்னார். பில்லில் 3 லட்சத்தை `Agst Ref` என்று அந்த அட்வான்ஸோடு இணைத்து, மீதி 1,57,840-ஐ `New Ref` என்று புதுப் பாக்கியாக வைத்தேன்.

பதிவு இப்படி நிற்கும்:

```
பிப். 10  வங்கி                       பற்று   3,00,000
             வாடிக்கையாளர்            வரவு    3,00,000
             (Advance: SO-41)

பிப். 24  வாடிக்கையாளர்               பற்று   4,57,840
             (Agst Ref: SO-41         3,00,000)
             (New Ref: பில் 1          1,57,840)
             விற்பனை                  வரவு    3,88,000
             CGST 9%                 வரவு      34,920
             SGST 9%                 வரவு      34,920
```

பில் 1 என்று இங்கே புரிவதற்காக எழுதியிருக்கிறேன். உண்மையான பில்லில் ஃபேக்டரியின் வரிசை எண்தான் வரும். ஒரே ஆர்டர் என்பதால் 112-ஏ, 112-பி, 112-சி என்று போடலாமா என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டார். வேண்டாம். பில் எண் அந்த நிதியாண்டுக்குள் தொடர் வரிசையாக, 16 எழுத்துக்குள், ஒருமுறை மட்டும் வருவதாக இருக்க வேண்டும் என்று விதி 46 சொல்கிறது. பிப்ரவரியில் 112-ஏ, மார்ச்சில் 131-க்குப் பிறகு 112-பி என்றால் வரிசை எங்கே? ஆர்டர் எண்ணை அதற்கான கட்டத்தில் போட்டால் மூன்று பில்லும் தானாகச் சேர்ந்து தெரியும். இ-வே பில்லும் லாரிக்கு லாரி அந்தந்தப் பில்லுக்குத்தான்.

மார்ச் 12-இல் 4 லட்சம் வந்தது. எதற்கு என்ற குறிப்பு எதுவும் இல்லை. இந்த ஆர்டரில் நான் அதிகம் யோசித்த வரவு இதுதான். நிலுவையில் இருப்பது 1,57,840 மட்டும். மிச்சம் 2,42,160 இன்னும் போகாத சரக்குக்கு. ஆகவே ஒரே வரவு வவுச்சரில் இரண்டு பதிவு: பில் 1-க்கு எதிராக 1,57,840, `Advance` ஆக 2,42,160. ஒரு நெஃப்ட் வரவு ஒரே தலைப்பில்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுதிவிட்டு, இப்படிப் பிரித்திருக்கிறோம் என்று வாடிக்கையாளர் ஆபீஸுக்கு ஒரு வாட்ஸ்அப்பும் அனுப்பினேன். மரியாதைக்காக மட்டும் அனுப்பவில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். எந்தப் பில்லுக்கு எவ்வளவு போயிற்று என்பது அவர்கள் கணக்கிலும் நம்முடையதிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் அந்த 180 நாளை எண்ண முடியும்.

மார்ச் 28, இரண்டாவது லோடு. 70 செட், 3,39,500, வரி 61,110, பில் 4,00,610. அட்வான்ஸ் 2,42,160 கழிய, பில் 2-இல் 1,58,450 பாக்கி.

மார்ச் 31 அன்று இந்த ஆர்டரைப் பார்த்தால் மூன்று விதமான எண்கள் கண்ணில் படும். ஆர்டர் மதிப்பு 9,70,000. வந்த பணம் 7,00,000. பில் போட்ட விற்பனை, வரி நீங்கலாக, 7,27,500. அந்த வருட வருமானம் கடைசி எண்தான். வந்த பணம் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது தற்செயல். அதில் வரியும் கலந்திருக்கிறது. பாக்கியைச் சரிபார்ப்பது எளிது: இரண்டு பில் சேர்ந்து 8,58,450, வந்தது 7 லட்சம், மீதி 1,58,450. லெட்ஜரும் அதையே காட்டியது, பில்வாரிப் பாக்கியும் பில் 2-இல் அதையே காட்டியது. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு வரவு தவறான பில்லில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது லோடு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் மார்ச் 31-இல் அவர் கணக்கு 2,42,160 வரவு இருப்பில் நின்றிருக்கும். அதை மற்ற வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கியோடு கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக இருப்புநிலைக் குறிப்பில் போடக் கூடாது. அது நம் பொறுப்பு. வாடிக்கையாளர் அட்வான்ஸ் என்று கடன் பக்கத்தில் தனியாக வர வேண்டும். டேலி இதைத் தானாகப் பிரித்துத் தராது, நாம்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் கடைசி வாரத்தில் இன்னொரு இழுவை வரும். டார்கெட்டுக்காகவோ பேங்க் லிமிட்டுக்காகவோ, ஏப்ரலில் போகிற சரக்குக்கு 31-ஆம் தேதியிட்டுப் பில் போடச் சொல்வார்கள். பில் போட்டால் மார்ச் வரி கட்டியாக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் சரக்கு ஷெட்டிலேயே நம் பொறுப்பில் இருக்கும்போது அது நமக்கு வருமானம் ஆகாது. உரிமையும் சேத அபாயமும் வாங்குபவருக்கு மாறியிருக்க வேண்டும். ஆடிட்டர் அதை எடுத்துவிடுவார், வருட முடிவில் ஜிஎஸ்டி விற்றுமுதலும் புத்தக விற்றுமுதலும் ஏன் வேறு என்று விளக்கம் எழுத வேண்டிவரும். நான் கேட் ரிஜிஸ்டரை வாங்கி, மார்ச் 25 முதல் ஏப்ரல் 7 வரை போன ஒவ்வொரு லாரி எண்ணையும் பில் தேதியோடு ஒத்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் தேதியை மாற்றலாம். வாட்ச்மேன் பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாக எழுதிய நோட்டில் நடுவில் ஒரு வரியைச் செருக முடியாது.

ஏப்ரல் 9, கடைசி லோடு. 50 செட், 2,42,500, வரி 43,650, பில் 2,86,150. புது நிதியாண்டு, புது பில் வரிசை, ஆனால் அதே SO-41. இறக்கும்போது இரண்டு செட்டில் தூண் வளைந்திருந்தது, திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரல் 16-இல் பில் 3-ஐக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட்: 9,700-உம் வரி 1,746-உம், 11,446. லோடுவாரிப் பில்லின் அருமை இங்கேதான் தெரிந்தது. திரும்பி வந்த இரண்டும் எந்த மாத விற்பனை, எந்த வருட விற்பனை என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. ஏப்ரல் வரி 43,650-இல் 1,746 போக 41,904. மார்ச்சில் கை வைக்கவில்லை. வெறும் தள்ளுபடி என்று லெட்ஜரில் 11,446 கழித்துவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் வரி குறையாது, வாங்கியவரும் தன் கிரெடிட்டைக் குறைக்க மாட்டார். கிரெடிட் நோட்டாகத்தான் போக வேண்டும். விற்ற நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரை, வருடாந்திர ரிட்டர்ன் அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவரை, அதை ரிட்டர்னில் காட்டி வரியைக் குறைக்கலாம்.

மீதி பாக்கி பில் 2-இல் 1,58,450, பில் 3-இல் 2,74,704, சேர்ந்து 4,33,154. ஏப்ரல் 21-இல் 2 லட்சம் வந்தது. பில் 2 முழுதும் தீர்த்து, 41,550 பில் 3-க்கு. மே மாதம் 2,33,154 வந்து முடிந்தது.

அந்தக் கடைசித் தொகைக்கு முன் ஒரு போன் வந்தது. ரொக்கமாக, ஒன்றரை லட்சம் ஒரு நாள், மீதி அடுத்த நாள் தரலாமா என்று வாடிக்கையாளர் கேட்டார். ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்குள் இருந்தால் தப்பு இல்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்போது நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு நாளை மட்டும் பார்க்கவில்லை. ஒரே பரிவர்த்தனைக்கு மொத்தமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினாலும் தவறு. பில் 3 ஒன்றுக்கே 2,33,154 பாக்கி, அதை இரண்டு நாளாகப் பிரித்தாலும் பரிவர்த்தனை ஒன்றுதான். அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், அதுவும் வாங்கியவருக்கு, அதாவது நமக்கு. பேங்க் வழியாகவே அனுப்பச் சொன்னோம்.

அதே வருடம் செப்டம்பர் 22-இல் வரி விகிதங்கள் மாறியபோது பாதி போய்ப் பாதி நின்ற ஆர்டர்கள் எல்லோருக்கும் தலைவலி ஆயின. ஸ்டீல் ரேக் 18-இலேயே இருந்தது. ஏசி விற்கும் இடத்தில் 28 சதவீதம் 18 ஆனது. கல்யாண மண்டபத்துக்குப் பத்து ஏசி, நான்கு முன்பே போய்விட்டது, ஆறு பாக்கி என்ற மாதிரி ஆர்டர். லோடுக்கு லோடு பில் போட்டவர்களுக்கு விடை நேராக இருந்தது: முன்பே போய்ப் பில்லும் போட்ட நான்குக்கு, பணம் எப்போது வந்தாலும் 28, பிறகு பில் போட்டு அனுப்பிய ஆறுக்கு, அட்வான்ஸ் ஆகஸ்டிலேயே வந்திருந்தாலும் 18. பத்துக்கும் முன்பே ஒரே பில் போட்டவர்கள் ஆடிட்டர் வாசலில் நின்றார்கள். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போய் இ-இன்வாய்ஸ் போடுகிற கம்பெனி என்றால் பில்லை 24 மணி நேரத்துக்குப் பிறகு இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ரத்து செய்யவும் முடியாது, பெரும்பாலும் கிரெடிட் நோட்தான் வழி.

ஆர்டர் முடியாமலே நின்றுபோனால்? 50 செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விற்பனையில் மாற்ற எதுவும் இல்லை, போனதற்குத்தான் பில் போட்டிருக்கிறோம். ஆர்டரில் பாக்கி அளவை மட்டும் மூட வேண்டும். மூடாமல் விட்டால் அடுத்த வருடமும் 50 செட் பாக்கி என்று ரிப்போர்ட்டில் நின்று, அதைப் பார்த்துப் பிளானிங் ஆள் தகரம் வாங்கிவிடுவார். கையில் மிஞ்சிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த ஆர்டருக்கு மாற்றலாம். சரக்குக்கு அதில் வரி கட்டியிருக்காததால் திரும்பக் கேட்க வரியும் இல்லை.

மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும் என்பதால் 8, 9 தேதிகளில் நான் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு வரி மட்டும் பார்ப்பேன்.

```
ஆர்டர் அளவு = பில் போட்ட அளவு + பாக்கி அளவு
பில்கள் − கிரெடிட் நோட் − வந்த பணம் = லெட்ஜர் பாக்கி
```

முதல் வரி இடித்தால் பெரும்பாலும் சலானில் போன ஒரு லோடுக்குப் பில் போடாமல் விட்டிருப்பார்கள். டேலியில் `Sales Bills Pending` என்ற ரிப்போர்ட்டில் அது தெரியும். இரண்டாவது வரி இடிக்காமல் இருந்தும் பில்வாரிப் பட்டியலில் பழைய அட்வான்ஸும் பழைய பில்லும் பக்கத்துப் பக்கத்தில் தீராமல் நின்றால், வரவு போட்டவர் பில்லோடு இணைக்கவில்லை. ஜர்னல் போட்டு மறைக்காமல், அந்த வரவு வவுச்சரையே திறந்து பில் விவரத்தைத் திருத்தச் சொல்வேன். தேதியும் தொகையும் மாறாததால் ரிட்டர்னையும் வங்கிக் கணக்கையும் அது தொடாது.